மருத்துவர் பதில்: உள்நோயாளியாக ஆயுர்வேத சிகிச்சை, எத்தனை நாள் லீவு கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 41. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. முதுகில் எல்4–எல்5 தட்டு பிதுங்கி, இடது கால் வரை வலி இழுக்கிறது. 21 நாள் தங்கி கிழியும் வஸ்தியும் செய்துகொள்ளச் சொல்கிறார் ஆயுர்வேத மருத்துவர். மேலாளரோ "மசாஜுக்கா இத்தனை நாள் லீவு?" என்கிறார். கடிதத்தில் என்ன எழுதுவது? மருத்துவரிடம் என்ன எழுதி வாங்குவது? லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்கிருந்தே வேலை பார்க்கலாமா?

பதில்: 21 நாள் கேட்காதீர்கள், 28 நாள் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆறு நாள் பணியைக் குறைத்துத் தரவும் கேளுங்கள். இந்த சிகிச்சைக்கு விடுப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள், சிகிச்சைக்குப் பின் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டிய மறுபத்திய நாட்களை விட்டுவிடுகிறார்கள். வீடு திரும்பிய மறுநாளே நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால் வலி திரும்ப வருகிறது. பழி சிகிச்சைமேல் விழுகிறது.

ஒரு தேதியை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜூன் 1 அன்று சேர்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் பரிசோதனையும் செரிமானத்தைச் சீர்செய்யும் மருந்தும். வயிறு மந்தமாக இருக்கும்போது எண்ணெய் சிகிச்சையைத் தொடங்கினால் உடம்பு கனக்கும், பசி அற்றுப்போகும், அதனால் இந்த மூன்று நாளைச் சுருக்க முடியாது. 4 முதல் 10 வரை ஏழு நாள் கிழி. மருந்துப் பொடியையோ இலையையோ துணியில் முடிந்து, சூடாக்கி, எண்ணெய் தேய்த்த முதுகிலும் காலிலும் ஒத்தி எடுப்பார்கள். இறுகிய தசை இதில் தளரும், வியர்க்கும். 11 முதல் 18 வரை எட்டு நாள் வஸ்தி. எண்ணெயையோ கஷாயத்தையோ ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்துவார்கள். இதை யோக வஸ்தி என்பார்கள், எண்ணெய் வஸ்தி ஐந்தும் கஷாய வஸ்தி மூன்றும் சேர்ந்த வரிசை. 19, 20, 21 மூன்று நாளும் அங்கேயே ஓய்வு, படிப்படியாக வழக்கமான உணவு.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. வஸ்தி எத்தனை நாளோ, அதைப்போல் இரு மடங்கு நாள் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும் என்பது ஆயுர்வேத விதி. பரிகார காலம் என்று அதற்குப் பெயர். எட்டு நாள் வஸ்திக்குப் பதினாறு நாள். அதில் மூன்று நாள் மருத்துவமனையிலேயே கழிந்துவிடும், மிச்சம் பதின்மூன்று நாள். ஜூன் 22 முதல் ஜூலை 4 வரை என்று வருகிறது. இதில் முதல் ஏழு நாளை விடுப்பாகவும், ஜூன் 29 முதல் ஆறு நாளைக் குறைந்த பணியாகவும் கேட்பது நியாயமான பிரிவு. முழுவதையும் விடுப்பாகக் கேட்டால் கிடைப்பது கடினம், மருத்துவ ரீதியாக அவ்வளவு தேவையும் இல்லை.

அந்தப் பதினாறு நாளில் எதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், உங்கள் மேலாளரின் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. மூலநூல்கள் எட்டைச் சொல்கின்றன: உரத்துப் பேசுவது, வண்டிக் குலுக்கல், அதிகம் நடப்பது, நெடுநேரம் உட்கார்ந்திருப்பது, செரிப்பதற்கு முன் மறுபடி உண்பது, ஒவ்வாத உணவு, பகல் தூக்கம், உடலுறவு. இவற்றில் இரண்டு, வண்டிக் குலுக்கலும் நெடுநேர உட்காரலும், அலுவலகம் போய்வருகிற எவருக்கும் அன்றாடம் நடப்பவை. உங்களுக்கு நோயே தட்டில் இருக்கிறது. முன்னால் குனிந்து உட்காரும்போது அந்தத் தட்டின்மேல் அழுத்தம் கூடும். நூல் சொல்வதும் உங்கள் ஸ்கேன் சொல்வதும் இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. கடிதத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியதும் இதுவே.

இனி மருத்துவரின் கடிதம். "ஓய்வு தேவை" என்று ஒற்றை வரியில் எழுதி வாங்காதீர்கள். அதை எந்த அலுவலகமும் ஒதுக்கிவிடும். நான்கு செய்திகள் அதில் இருக்க வேண்டும். நோயின் பெயர், அதற்கு ஆதாரமான ஸ்கேன் தேதி. சிகிச்சையின் பெயரும் சேரும் தேதியும் வெளிவரும் தேதியும். வீட்டிலிருந்து வந்துபோய்ச் செய்துகொள்ள முடியாமல் ஏன் தங்க வேண்டும் என்ற காரணம். வேலைக்குத் திரும்பிய பின் எத்தனை நாளுக்கு என்னென்ன கட்டுப்பாடு. அதோடு மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை, எழுதிய தேதி. எழுதிய தேதி சேரும் நாளுக்கு முந்தியதாக இருக்கட்டும். பின்தேதியிட்டுத் தரச் சொல்லி மருத்துவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், அவர் தரவும் கூடாது.

மூன்றாவது செய்தியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். மேலாளருக்கு எழும் முதல் சந்தேகமும் அதுதான். காரணத்தை இப்படி எழுதச் சொல்லலாம்: "கஷாய வஸ்தி வெறும் வயிற்றிலும் எண்ணெய் வஸ்தி உணவுக்குப் பின்னும் தரப்படும். மருந்து வெளியேறும் வரை கண்காணிப்பு வேண்டும். சிகிச்சைக் காலத்தில் தினசரி வாகனப் பயணம் முதுகுத் தட்டுக்குத் தீங்கு. எனவே உள்நோயாளியாகத் தங்குவது அவசியம்."

மருத்துவமனை தரும் தாளில் "புத்துணர்ச்சி", "ஸ்பா", "பேக்கேஜ்" போன்ற சொற்கள் இருந்தால் அதை விண்ணப்பத்தோடு இணைக்காதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே உல்லாசப் பயணக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சிகிச்சைத் திட்டத்தை நோயின் பெயரோடு தனித்தாளில் கேட்டு வாங்குங்கள். நோய் ஏதும் இல்லாமல் உடம்பைத் தேற்றிக்கொள்ள மட்டும் போகிறவர்கள் மருத்துவ விடுப்பு கேட்கக் கூடாது, சொந்த விடுப்பில்தான் போக வேண்டும். உங்கள் நிலை அது அல்ல.

உங்கள் விண்ணப்பம் சுருக்கமாக இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, முதுகுத் தட்டு பிதுக்கத்தால் கால் வரை பரவும் வலிக்கு உள்நோயாளி சிகிச்சை பெற மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். ஜூன் 1 முதல் 21 வரை மருத்துவமனையிலும், 22 முதல் 28 வரை வீட்டில் ஓய்விலும் இருக்க வேண்டியுள்ளது. ஆகவே 28 நாள் மருத்துவ விடுப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 29 அன்று உடல்தகுதிச் சான்றுடன் பணியில் சேர்வேன். அன்று முதல் ஜூலை 4 வரை தொடர்ந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதபடி பணியை அமைத்துத் தரவும் வேண்டுகிறேன். மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன்."

விண்ணப்பத்திலும் மருத்துவர் கடிதத்திலும் தேதிகள் ஒரு நாள்கூட மாறக் கூடாது. ஒன்றில் 21, இன்னொன்றில் 28 என்று இருந்தால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். ஸ்கேன் அறிக்கையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் கட்டுக்கட்டாக இணைக்க வேண்டாம். நோயின் பெயர் ஒரு வரி போதும், மற்றவை உங்கள் அந்தரங்கம், கேட்டால் காட்டலாம்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது மாதவிலக்கையும் கணக்கில் எடுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பாதியில் சிகிச்சை நின்ற பிறகுதான் தெரியவருகிறது. விலக்கு நாட்களில் வஸ்தி தருவதில்லை. 28 நாள் சுழற்சி உள்ளவர், விலக்கு முடிந்த மறுநாள் சேர்ந்தால் வசதி. மே 27 அன்று தொடங்கி ஐந்து நாளில் முடிந்தால் ஜூன் 1 அன்று சேரலாம். அடுத்தது ஜூன் 24 வாக்கில் வரும், வஸ்தி 18ஆம் தேதியே முடிந்திருக்கும். சுழற்சி முன்பின்னாக இருப்பவர்கள் சேரும் தேதியை உறுதிசெய்யும் முன் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். இடையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் வஸ்தியை நிறுத்துவார்கள். அப்படி நாள் தள்ளினால் அன்றே அலுவலகத்துக்குத் தெரிவித்து, நீட்டிப்புக்கு மருத்துவரிடம் புதுக் கடிதம் வாங்குங்கள். வெளிவந்த பிறகு மொத்தமாகச் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

மேலாளரிடம் பேசும்போது ஒரு விஷயத்தை நீங்களே விட்டுக்கொடுக்கலாம். தட்டு பிதுக்க வலி பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே கணிசமாகத் தணியும். எனவே இது நாளையே செய்தாக வேண்டிய சிகிச்சை அல்ல. வருடக் கணக்கு முடிக்கும் மாதம் போன்ற நெருக்கடியைத் தாண்டித் தேதி வைக்கலாம், ஒரு மாதம் முன்பே கேட்கலாம். அதுவரை மருத்துவர் தந்த மருந்தையும் பயிற்சியையும் தொடருங்கள். ஆனால் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, இவற்றில் ஏதாவது வந்தால் லீவு, ஆயுர்வேதம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அதில் நேரம் கடந்தால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம்.

லேப்டாப்: வேண்டாம். முதல் மூன்று நாளில் ஒன்றிரண்டு அழைப்புக்குப் பதில் சொல்வது தவறில்லை, முக்கியமான ஒப்படைப்பை அதற்குள் முடித்துவிடுங்கள். கஷாய வஸ்தி தந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும், அந்த நேரம் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண்ணெய் வஸ்தி அதற்கு நேர்மாறு, பல மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். அப்போது வேலைப் பதற்றத்தில் எழுந்து உட்கார்ந்து தட்டச்சு செய்தால் எண்ணெய் முன்கூட்டியே வெளியேறி அன்றைய வஸ்தி வீணாகும். படுக்கையில் சாய்ந்து மடியில் வைத்து வேலை பார்ப்பது முதுகுக்கு நாற்காலியைவிடக் கேடு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவ விடுப்பில் இருந்துகொண்டு தினமும் மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினால், வேலை பார்க்க முடிகிறவருக்கு விடுப்பு எதற்கு என்று அவர்களே கேட்பார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சேரும்போதே பட்டியலாகக் கொடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உணவு குறையும் நாட்களில் சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டிவரலாம்.

சேர்ந்த அன்றே உள்நோயாளிச் சேர்க்கைச் சான்று ஒன்று வாங்கி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஜூன் 21 அன்று வெளிவரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் பரிகார காலம் ஜூலை 4 வரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உடல்தகுதிச் சான்றை அன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். அப்போது நீங்கள் வேலைக்குத் தகுதி என்று 21ஆம் தேதியே எழுதியதாகிவிடும், மிச்ச ஏழு நாள் விடுப்புக்கு ஆதாரம் இல்லாமல் போகும். 27 அல்லது 28 அன்று மறுபரிசோதனைக்குப் போய், காலை நேராகத் தூக்கும்போது வலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் பார்த்த பிறகு, அன்றைய தேதியிட்டு வாங்குங்கள்.