எட்டு இழைப் பைப்பட்டை: பெட்டியில் இருக்கும் கயிறு போதுமா?

கேள்வி: வட்டத் தட்டில் பின்னும் தொகுப்பு ஒன்று வாங்க நினைக்கிறேன். தட்டு, 8 பாபின், 2 மி.மீ. சாட்டின் கயிறு 20 மீட்டர், ஒட்டிக்கொள்ளும் உலோக முனைமூடி இரண்டு ஆகியவை இருக்கின்றன. பையைத் தோளில் மாட்ட 110 செ.மீ. நீளப் பட்டை பின்ன இது போதுமா?

பதில்: போதாது. 20 மீட்டரை எட்டாகப் பிரித்தால் இழைக்கு இரண்டரை மீட்டர்தான். இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போவதால் பின்னல் வெகுவாகக் குறுகும். உங்கள் கைக்கு எவ்வளவு குறுகுகிறது என்பதை ஒரு சிறு மாதிரி பின்னித்தான் அறிய முடியும். 60 செ.மீ. இழை எட்டு வெட்டுங்கள். முடிச்சுக்கும் வால்களுக்கும் 10 செ.மீ. விட்டு, மீதி 50 செ.மீ.யைப் பின்னி அளந்து பாருங்கள். 20 செ.மீ. பின்னல் வந்தால் விகிதம் இரண்டரை. அப்படியானால் 110 செ.மீ. பட்டைக்கு 275 செ.மீ. வேண்டும், வாலுக்கு 25 செ.மீ. சேர்த்தால் இழைக்கு 3 மீட்டர், எட்டுக்கும் 24 மீட்டர். மாதிரிக்குச் செலவாகும் ஏறத்தாழ 5 மீட்டரையும் கணக்கில் வைத்து 30 மீட்டர் ஒரே சுருளாக வாங்குங்கள். பாதியில் தீர்ந்து வேறு சுருள் வாங்கினால் நிறம் சற்று மாறிவிடலாம். நடுவே ஒட்டுப்போட்ட இழையும் பைப்பட்டைக்கு ஆகாது.

சாட்டினை நான் பைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பளபளப்பு அழகுதான், ஆனால் உடையிலும் கொக்கியிலும் உரசி மேலிழை பிரியும். பின்னப்பட்ட பாலியஸ்டர் கயிறு உழைக்கும்.

முனைமூடி கழுத்துமாலைக்கு உரியது. பையின் முழு எடையும் ஒரு துளி பசையில் தொங்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு இரண்டு உலோக வளையம் வாங்குங்கள். 6 மீட்டர் நீளத்தில் நான்கு இழை வெட்டி, முதல் வளையத்தில் கோத்து நடுவில் மடித்தால் எட்டு முனை கிடைக்கும். வளையத்தைத் தட்டின் துளை வழியே கீழே விட்டு அதிலேயே சிறு எடையையும் கட்டலாம். முடிவில் வால்களை இரண்டாவது வளையத்தில் நுழைத்து மடித்து, உறுதியான நூலால் 3 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, ஊசியால் ஊடே தைத்துவிடுங்கள்.

தட்டில் கவனிக்க வேண்டியது அதன் விளிம்பில் உள்ள 32 வெட்டுகளின் பிடி. கயிற்றைச் செருகி மெல்ல இழுத்தால் நழுவக் கூடாது. மெல்லிய, எளிதாக வளையும் தட்டில் வெட்டுகள் சீக்கிரம் தளர்ந்துவிடும். பட்டை ஓரிடத்தில் இறுகியும் இன்னோரிடத்தில் பருத்தும் வரும்.

பின்னும் முறை எளிது. இழைகளை நான்கு திசையிலும் இரண்டிரண்டாகச் செருகுங்கள். மேல் ஜோடியின் வலது இழையைக் கீழ் ஜோடிக்கு வலப்புறமும், கீழ் ஜோடியின் இடது இழையை மேல் ஜோடிக்கு இடப்புறமும் மாற்றி, தட்டைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால்வட்டம் திருப்புங்கள். திசை ஒருமுறை மாறினாலும் அந்த இடத்தில் சுருள்கோடு உடைந்து தெரியும். எழுந்து போகும்போது ஒரு பக்கம் மூன்று இழை இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் அடுத்த நகர்வு எது என்பது பார்த்தவுடன் புரியும்.