கோடுகளுக்குள் இருந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஜர்னல் கிளப்பில் இரண்டு கருவிகளை ஒப்பிடும் ஒரு கட்டுரையை வாசித்தோம். ஒட்டுறவுக் கெழு 0.9-க்கு மேல். அடுத்த படத்தில் ஒவ்வொருவருக்கும் இரு கருவிகள் காட்டிய அளவுகளின் வித்தியாசம் ஒரு புள்ளியாக, நடுவே ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு கோடுகள். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் அவற்றுக்குள் இருப்பதால் இரு கருவிகளும் ஒத்துப்போகின்றன என்று முடித்திருக்கிறார்கள். அது சரியா?

கவிதா

அன்புள்ள கவிதா,

சரியில்லை. அந்த இரு கோடுகளும் அதே புள்ளிகளிலிருந்து போடப்பட்டவை. வித்தியாசங்களின் சராசரியிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய இரண்டு திட்டவிலக்கம் தள்ளிக் கோடு போட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளிகள் உள்ளே விழத்தான் செய்யும். மட்டமான கருவியாக இருந்தாலும் விழும். கோடுகள் இன்னும் அகலமாகப் போகும், அவ்வளவே. பார்க்கவேண்டியது அந்த அகலத்தை.

இம்முறையைப் பரவலாக்கிய பிளாண்ட், ஆல்ட்மன் இருவரின் 1986 லான்செட் கட்டுரையில் இருக்கும் உதாரணமே போதும். 17 பேர், மூச்சை ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் பெரிய ரைட் பீக் ஃப்ளோ மீட்டரிலும் கையடக்கமான மினி மீட்டரிலும் ஊதினார்கள். ஒட்டுறவு 0.94. ஆனால் அளவுகள் நிமிடத்துக்கு 178 லிட்டரிலிருந்து 650-ஐத் தாண்டிப் பரந்திருந்தன. அவ்வளவு பரப்பில் யார் குறைவாக ஊதுகிறார், யார் அதிகமாக ஊதுகிறார் என்பதை எந்தக் கருவியும் பிரித்துக் காட்டிவிடும். ஒரு மீட்டர் எல்லோருக்கும் சரிபாதி அளவைக் காட்டினாலும் ஒட்டுறவு 1 என்றுதான் வரும்!

பெரியதிலிருந்து மினியைக் கழித்தால் சராசரி வித்தியாசம் வெறும் −2.1. பலர் இங்கேயே திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவருக்குப் பெரியது 178, மினி 259. இன்னொருவருக்கு 423, 350. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த சிறிய எண் அது. திட்டவிலக்கம் 38.8, அதனால் அந்த மேல், கீழ்க் கோடுகள், அதாவது எல்லைகள், −79.7, 75.5. அந்த 178, 259 நபரைத் தவிர எல்லோரும் கோடுகளுக்குள்தான் இருக்கிறார்கள்.

இதை ஒரு நோயாளியிடம் வைத்துப் பாருங்கள். நல்ல நாளில் 500 ஊதும் ஆஸ்துமாக்காரர், இன்று மினியில் 400 ஊதுகிறார். பெரிய மீட்டரில் அவருக்கு 320-ம் வரலாம், 475-ம் வரலாம். முன்னது அவருடைய உச்சத்தில் 64 சதவீதம், எச்சரிக்கை தரும் மஞ்சள் மண்டலம். பின்னது 95 சதவீதம், பச்சை. சிகிச்சையே மாறிப்போகும். எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. அதை மருத்துவர் அளக்கத் தொடங்கும் முன்பே எழுதிவைக்கவேண்டும். உங்கள் கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் அந்த எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று, எல்லைகளும் மதிப்பீடுகளே. 17 பேரை வைத்துப் போட்ட அந்தக் கீழ் எல்லை உண்மையில் −114-லிருந்து −45 வரை எங்கும் இருக்கலாம். அளவு கூடக்கூட, அதாவது படத்தில் வலப்புறம் போகப்போக, புள்ளிகள் விசிறிபோல் விரிந்தால் நேர்க்கோட்டு எல்லைகளே பொருந்தாது. மடக்கை எடுத்துத் திரும்பப் போடவேண்டும். உங்கள் கட்டுரையின் படத்தில் விசிறி தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.