செற்றியில் தண்ணீர் வட்டம்

மைக்ரோபைபர் செற்றியில் தண்ணீர் சிந்தி, காய்ந்ததும் வெள்ளை வட்டம் விழுந்திட்டுது. ஈரத்துணியால் துடைத்தால் வட்டம் பெரிதாகுது. என்ன செய்யலாம்?

நீங்கள் துடைத்தது கிணற்றுத் தண்ணீராலா? வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் துணியிலும் படிகிறது. ஈரம் காயும்போது உப்பையும் துணியிலிருந்த ஊத்தையையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் நடுப்பகுதி சுத்தமாகவும் விளிம்பு கோடாகவும் தெரிகிறது.

முதலில் குஷனுக்கு அடியிலுள்ள லேபிளைப் பாருங்கள். எஸ் என்றிருந்தால் தண்ணீரே வேண்டாம். பார்மசியில் நிறமில்லாத சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, மறைவான மூலையில் ஒரு துளி விட்டுச் சோதியுங்கள். வெள்ளைத் துணியில் சாயம் ஏறாவிட்டால், ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, சிகரெட் பக்கத்தில் கூடாது.

டபிள்யூ என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பனி மாதிரி விசிறுங்கள். கறையில் மட்டுமல்ல, தையலிலிருந்து தையல் வரை முழுத் துண்டுக்கும். அப்போதுதான் புது விளிம்பு வராது. உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் காய விடுங்கள். பற்றரிக் கடையில் தண்ணீர் வாங்கினால் அது அசிட் இல்லையென்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

காய்ந்த பின் விறைப்பாக இருக்கும், பயப்படாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தடவினால் இழை எழும்பிவிடும். வெல்வெட் என்றால் இழை சாய்ந்த திசையில் மட்டும் தடவுங்கள். விஸ்கோஸ் வெல்வெட்டில் ஈரத்தால் இழை படுத்துவிட்டால் பெரும்பாலும் எழும்பாது. அதை ட்ரை கிளீனரிடம் கொடுங்கள்.