பொங்கல் விளையாட்டு விழா: எல்லா வயதினரையும் ஒரே அணியில் சேர்ப்பது எப்படி?

*கேள்வி: எங்கள் தெருவில் பொங்கலுக்கு விளையாட்டு விழா நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 6 வயதுக் குழந்தையிலிருந்து 60 வயது தாத்தா வரை ஐம்பது பேர் வருவார்கள். பள்ளி மைதானம் கிடைத்துவிட்டது. கையில் ஒரு விசில், இரண்டு பந்து, அவ்வளவுதான். தொடர் ஓட்டமும் குழு விளையாட்டும் எப்படித் திட்டமிடுவது?*

பந்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தேவைப்படாது. முதலில் பார்க்க வேண்டியது அணி பிரிப்பதை. அதில் கோட்டை விட்டால் மற்றது எதுவும் சரியாக வராது. இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லும் பழக்கம் வேண்டாம். கடைசிவரை யாரும் கூப்பிடாத பிள்ளை அன்று முழுக்க விளையாடாது.

48 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரையும் வயது வரிசையில் நிற்க வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, அடுத்த நால்வரை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று திருப்பி எண்ணுங்கள். இப்படியே மாறி மாறிப் போனால் 12 பேர் கொண்ட நான்கு அணிகள் வந்துவிடும், ஒவ்வொன்றிலும் எல்லா வயதினரும் இருப்பார்கள். அம்மாவை விட்டு வராத குட்டி இருந்தால், அம்மாவின் அணியில் உள்ள அதே வயதுக் குழந்தையோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு அணியில் ஆள் குறைந்தால் ஒருவர் இரண்டு முறை ஓடட்டும். யார் ஓடுவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேகமாக ஓடும் பையனே இரண்டாவது முறையும் வந்து நிற்பான்.

சரி, தொடர் ஓட்டம். மைதானத்தைச் சுற்றி ஓட விட வேண்டாம், போய்த் திரும்பும் ஓட்டம் போதும். தொடக்கக் கோட்டிலிருந்து 10, 20, 30 மீட்டரில் மூன்று கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு அணிக்கும் அந்தக் கோடுகளில் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்று வையுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களும் பெரியவர்களும் முதல் பாட்டிலைச் சுற்றி வரட்டும், நடுத்தர வயதினர் இரண்டாவதை, இளவட்டங்கள் மூன்றாவதை. தாத்தா நடந்தே போய் வந்தாலும் அணி தோற்றுவிடாது, ஏனென்றால் மற்ற மூன்று அணியிலும் அதே இடத்தில் ஒரு தாத்தாவோ பாட்டியோதான் இருப்பார். அதனால் நான்கு அணியும் ஒரே வயது வரிசையில் ஓட வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். குழந்தைகளை நடுவில் போட்டு, கடைசி இருவராக இளவட்டங்களை வையுங்கள். கடைசி ஆள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால், எந்த அணி முடிக்கப் போகிறது என்று பார்க்கிறவர்களுக்கும் தெரியும், நடுவருக்கும் தெரியும்.

கையில் தட்டிவிட்டு ஓடுவது என்று வைத்தால் "தட்டினான், தட்டலை" என்று சண்டை வரும். ஒன்றேகால் இன்ச் பிவிசி பைப் ஒரு துண்டு பிளம்பரிடம் கேட்டு வாங்கி, 30 செ.மீ. நீளத்தில் நான்காக அறுத்து, முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். நிஜப் போட்டியில் கொடுக்கும் கோலும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

இந்த ஓட்டத்தில் அடிபடுவது பெரும்பாலும் கோல் மாற்றும் இடத்தில்தான். திரும்பி வருகிறவர் முழு வேகத்தில் வருவார், வாங்குகிறவர் ஆர்வத்தில் நேர் எதிரே கோட்டைத் தாண்டி வந்து நிற்பார், நெற்றியும் நெற்றியும் மோதும். சாலையில் போவதுபோல எல்லோரும் தன் இடது பக்கமாகவே ஓட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்போது வலது கையிலிருந்து வலது கைக்குக் கோல் போகும், ஆளோடு ஆள் மோதாது. பாட்டிலைச் சுற்றும்போது அது வலது கைப்பக்கம் இருந்தால் இந்த ஒழுங்கு தானாகவே அமையும். வாங்குகிறவரின் கால் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்க்க அணிக்கு ஒரு ஆள் நிற்கட்டும். அணிகளுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். முதலில் ஒரு முறை எல்லோரையும் நடக்க வைத்துப் பாருங்கள், குழப்பமெல்லாம் அதிலேயே வெளியே வந்துவிடும்.

ஓட்டம் என்னவோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நிற்க வைத்து, விளக்கி, முடிவு சொல்ல இன்னும் ஏழெட்டு நிமிடம் ஆகும். ஆக ஒரு போட்டிக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள். இதே கோடுகளில் சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் எல்லாம் வைக்கலாம், தனியாக அமைக்க ஒன்றுமில்லை. மியூசிக்கல் சேர் மட்டும் வேண்டாம். முதலில் வெளியேறுகிறவர்கள் மிச்ச நேரம் முழுக்க வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

குழு விளையாட்டுக்குக் கிளித்தட்டை விட்டால் வேறு எதுவும் இவ்வளவு பொருந்தாது. கோடு போட மாவு இருந்தால் போதும். கோலமாவு நல்லது, சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் எரியும். 6 மீட்டர் அகலம் எடுத்து நடுவில் நீளக்கோடு ஒன்று, 3 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே ஆறு கோடுகள். தடுக்கும் அணியில் கோட்டுக்கு ஒருவர் நிற்பார், முதல் கோட்டில் நிற்பவர் கிளி. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடி வந்து தொடலாம். மற்றவர்கள் தங்கள் கோட்டை விட்டு நகரக்கூடாது. ஓட முடியாத பெரியவர்களுக்கு இந்த இடம் கச்சிதம். கோட்டின் நடுவில் நின்றால் இரு பக்கமும் 3 மீட்டர்தான், பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தால் போதும், கை நீளம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கிளியாக ஒரு சுறுசுறுப்பான பிள்ளையைப் போடுங்கள்.

தொட்டால் அவுட் என்ற விதியை மட்டும் மாற்றுங்கள். தொடப்பட்டவர் ஒரு பெட்டி பின்னால் போகட்டும். கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தவர்களை எண்ணிப் புள்ளி கொடுங்கள். இரண்டு தட்டு வரைந்து, அணியில் ஆறு ஆறு பேராக ஐந்து நிமிடம் ஆட விட்டால் எல்லோருக்கும் முறை வரும்.

கயிறு இழுத்தலைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு யாருக்கும் கையில் பிடி இருக்காது. இங்கே மட்டும் வயதைக் கலக்கக்கூடாது. குழந்தைகள் தனி, பெரியவர்கள் தனி. கட்டைவிரலைவிடத் தடிமனான பருத்திக் கயிறு கிடைத்தால் நடத்துங்கள், பந்தல்காரரின் நைலான் கயிறுதான் கிடைக்கிறது என்றால் இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். மெல்லிய நைலான் கையை அறுக்கும். இழுபட்டு அறுந்தால் சவுக்குபோலத் திரும்பி அடிக்கும். 1997-ல் தைபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இழுத்த கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கையே துண்டாகிப்போனது. கயிறை யாரும் கையிலோ இடுப்பிலோ சுற்றக்கூடாது, விசில் ஊதியதும் சட்டென்று விடவும் கூடாது. விட்டால் எதிரணி மொத்தமாக மல்லாந்து விழும்.

புள்ளிக்கு 4, 3, 2, 1 என்று வையுங்கள். கடைசிப் போட்டிக்கு இரட்டைப் புள்ளி கொடுக்கச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து ஓடிச் சேர்த்ததெல்லாம் எதற்கு என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது.