7 வார ஸ்கேனில் கறுப்பு வட்டம் மட்டும் தெரிந்தால்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். மனைவிக்குக் கணக்குப்படி 7 வாரம். ஸ்கேன் படத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் சின்ன வளையம். குழந்தையைக் காணோமே? எந்த வாரத்தில் என்ன தெரியும்?

பதில்: குன்னூரில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் நான். இந்தப் படத்தோடு கலங்கிப்போய் வருபவர்கள் நிறையப் பேர்.

ஸ்கேனில் நீர் கறுப்பாகவும், எலும்பு வெள்ளையாகவும், தசை சாம்பல் நிறமாகவும் விழும். அந்தக் கறுப்பு வட்டம் கரு வளரும் நீர்ப்பை. உள்ளே இருக்கும் வளையம் யோக் சாக், நச்சுக்கொடி தயாராகும்வரை கருவுக்குத் துணை நிற்பது. வளையம் தெரிவது நல்ல செய்தி. கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வெறும் வட்டத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில் ஏறக்குறைய 5 வாரத்தில் பை, ஐந்தரையில் வளையம், 6 வாரத்தில் வளையத்தை ஒட்டி அரிசி முனை போல ஒரு சாம்பல் கீற்று, அதில் துடிப்பு. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரு வாரம்போலத் தள்ளித் தெரியும். உங்களுக்கு எப்படிப் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் அந்த 7 வாரக் கணக்கு. எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். கடைசி மாதவிலக்கிலிருந்து 52 நாள். பை 12 மில்லிமீட்டர், வளையம் உண்டு, கரு இல்லை. விசாரித்தால் அவருக்கு மாதவிலக்கே 38 நாளுக்கு ஒருமுறைதான். வாரக் கணக்கு 28 நாள் சுற்றை வைத்துப் போடுவது. அவருக்குக் கரு தங்கியதே பத்து நாள் தாமதம், ஆக உண்மையில் 6 வாரம். பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். கரு 10 மில்லிமீட்டர், துடிப்பும் இருந்தது. படத்தின் ஓரத்தில் CRL என்று இருப்பது இந்த நீளம்தான். இந்த வாரங்களில் அந்த மில்லிமீட்டரோடு 42-ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் நாள் வரும்: 52 நாள். கணக்கு சரியாகிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. உள்வழி ஸ்கேனில் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்டும் கரு இல்லை என்றாலோ, கரு 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லை என்றாலோ அந்தக் கர்ப்பம் தொடராது. அதற்குக் குறைந்த அளவில் ஒரே படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கலைக்க மாத்திரையும் தரக் கூடாது. 7 முதல் 14 நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் ரத்தப்போக்கு, அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் தேடும் தலை, மூக்கு, கை கால் எல்லாம் 12 வாரத்தில் ஒரே படத்தில் பார்க்கலாம். 20 வாரத்தில் குழந்தை பெரிதாகிவிடும், படத்தில் ஒரு வெட்டுத்தான் விழும்: வெள்ளை நீள்வட்டம் மண்டை ஓடு, வயிற்றில் கறுப்புப் பொட்டு இரைப்பை.

அடுத்த முறை இந்தப் படத்தையும் எடுத்துப் போங்கள், பையின் அளவை ஒப்பிட உதவும். அந்தத் தாள் நாளாக மங்கும், இப்போதே போனில் படம் பிடித்து வையுங்கள்.