இரவு பைக் பயணம்: வெளிச்சத்துக்குள் நிற்க முடிகிற வேகம்

கேள்வி: ராத்திரி ஹைவேயில் ஹெல்மெட் போட்டு, இடது ஓரமாக 60-இல்தான் போகிறேன். இது பாதுகாப்புதானே?

ஹெல்மெட் சரி. வேகமும் ஓரமும்தான் சிக்கல்.

60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடும். தடையைக் கண்டு பிரேக் பிடிக்கவே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 24 மீட்டர் வேண்டும். ஆக 49 மீட்டர். லோ பீமில் விளக்கில்லாத, அழுக்கேறிய லாரியின் பின்புறம் பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். 40 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 27 மீட்டரில் முடிகிறது. மழையென்றால் இன்னும் குறையுங்கள்.

அப்படி நிற்கும் லாரியும், மணலும், எதிர்த்திசையில் வரும் வண்டியும் இருப்பது இடது ஓரத்தில்தான். அதனால் இடது லேனுக்குள்ளேயே, கார்களின் வலது டயர் ஓடும் தடத்தில் போங்கள். லேனின் நடுவில் எண்ணெய் சிந்தியிருக்கும்.

எதிரே ஹை பீம் வந்தால் அந்த விளக்கைப் பார்க்காமல் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். அது கடந்த பிறகும் சில நொடிகள் கண் தெளியாது, உடனே வேகம் கூட்டவே கூடாது.

ஹெல்மெட்டில் கறுப்பு வைசர் இருந்தால் இரவுக்கு ஆகாது. கீறல் விழுந்ததும் அப்படியே: ஒவ்வொரு கீறலும் எதிர் விளக்கைச் சிதறடிக்கும். வைசரை மட்டும் மாற்றலாம். பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் முதல் அடியிலேயே கழன்றுவிடும்.