சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு டோஸ் கணக்கிடும்போது அட்டவணையில் எந்த வரியைப் பார்ப்பது?

கேள்வி: பார்ம்.டி முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன். கிட்னி ஃபங்ஷன் குறைந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக், வலி மருந்து டோஸை எப்படிக் குறைப்பது? அட்டவணையைப் பார்த்தாலும் குழப்பமாக இருக்கிறது. சீனியர்களிடம் கேட்டால் "ஆப்பில் போட்டுப் பார்" என்கிறார்கள்.

பதில்:

ஆப்பில் நீங்கள் எந்த எண்ணைப் போடுகிறீர்களோ அதற்கான விடைதான் வரும். லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இ.ஜி.எஃப்.ஆரை எடுத்து அப்படியே அட்டவணையில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எங்கள் வார்டில் நடந்த ஒரு கேஸை முழுதாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கு மாறவில்லை.

76 வயதுப் பாட்டி. குளிர் காய்ச்சல், இடுப்புக்கு மேலே வலி, சிறுநீரில் சீழ் செல்கள். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருக்கிறது என்று சேர்த்தார்கள். கிரியாட்டினின் 1.5, ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் 36. செஃபெபைம் 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதப்பட்டது. முழங்கால் வலி பல வருடமாக உண்டு, அதற்கு டைக்ளோஃபெனாக் 75 மி.கி. ஊசி காலையும் இரவும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்டனும் ஃபியூரோசமைடும் அப்படியே தொடர்ந்தன.

நான்காம் நாள் காலை நான் அந்த வார்டுக்குப் போனபோது பாட்டி பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டார். பஸ்ஸை நிறுத்துவது போல கையை நீட்டச் சொன்னால், மணிக்கட்டு வெட்டி வெட்டி விழுந்தது. தோளிலும் முகத்திலும் திடீர் திடீரென்று துடிப்பு. வீட்டார் பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். தலை சி.டி. எடுத்தார்கள், புதிதாக எதுவும் இல்லை. காய்ச்சல் ஏற்கெனவே இறங்கிவிட்டது. தொற்று குறைந்துகொண்டே வரும்போது புத்தி மட்டும் தடுமாறினால், முதலில் மருந்து சார்ட்டைப் பார்க்க வேண்டும்.

சார்ட்டில் எடை என்ற கட்டத்தில் "பெட் ரிடன்" என்று எழுதியிருந்தது. இது எனக்கு ஆறவே ஆறாத கோபம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எடை இல்லாமல் போய்விடுமா? மகன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்றார், பிறகு தனியாக நின்றார். கழித்தால் 42 கிலோ. அவ்வளவுதான் வேலை. இனி கிரியாட்டினின் கிளியரன்ஸ் சூத்திரம், 1976-இல் காக்கிராஃப்ட்டும் கால்ட்டும் வெளியிட்டது:

```
CrCl = (140 - age) x weight / (72 x SCr)
female: x 0.85

(140 - 76) x 42 / (72 x 1.5) = 24.9
24.9 x 0.85 = 21 mL/min
```

ரிப்போர்ட்டில் 36, நமக்கு 21. இ.ஜி.எஃப்.ஆர் 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ள ஆளுக்கு என்று சமன்படுத்தி அச்சாகிற எண். இந்தப் பாட்டியின் உடல் பரப்பு 1.3 சதுர மீட்டர்தான். மெலிந்த முதியவர்களுக்குத் தசையும் குறைவு, அதனால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறைவு. 1.5 என்பது பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் அவருக்கு அது பெரிய எண்.

இப்போது செஃபெபைம் அட்டவணைக்கு வாருங்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம் என்பது 60-க்கு மேல் கிளியரன்ஸ் உள்ளவருக்கு. 30 முதல் 60 வரை என்றால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம். 11 முதல் 29 வரை என்றால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 கிராம். அதாவது 36 என்று பார்த்தவர் ஒரு வரியில் நிற்பார், 21 என்று பார்த்தவர் அடுத்த வரியில் நிற்பார், டோஸில் இரண்டு மடங்கு வித்தியாசம். பாட்டிக்கு எந்த வரியும் பார்க்கப்படவில்லை. தேவை ஒரு நாளைக்கு 1 கிராம், போனது 4 கிராம். இந்த மருந்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அந்த வழி அடைபட்டால் ரத்தத்தில் ஏறி, மூளையைத் தொந்தரவு செய்கிறது. குழப்பம், கைத்துடிப்பு, சிலருக்கு வெளியே தெரியாத வலிப்பு. அதை இ.இ.ஜி. எடுத்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

உடனே யாராவது வருவார்கள்: "இ.ஜி.எஃப்.ஆர்தான் நவீனம், இன்னும் காக்கிராஃப்ட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்களே" என்று. நவீனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான மருந்துகளின் டோஸ் அட்டவணை பழைய சூத்திரத்தை வைத்துத்தான் போடப்பட்டது. இ.ஜி.எஃப்.ஆரே வேண்டும் என்றால் அதை நோயாளியின் உடல் பரப்பால் பெருக்கி 1.73-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு 27 வரும். அதுவும் 30-க்குக் கீழேதான், அதே வரிதான்.

முதல் டோஸை மட்டும் குறைக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் கணக்குப் போடக் கற்றுக்கொண்டதும் செய்வது இதுதான், முதல் ஊசியிலிருந்தே பாதி. முதல் டோஸ் உடலில் மருந்தை நிரப்புவதற்கு. அதற்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் இல்லை. செஃபெபைமுக்கும் முதல் டோஸ் எல்லோருக்கும் போல 2 கிராமேதான், டயாலிசிஸ் நோயாளி தவிர. அடுத்தடுத்த டோஸ்களில்தான் அளவோ இடைவெளியோ மாற வேண்டும்.

அதேபோல, பழைய கிரியாட்டினினைக் கேட்காமல் கையை வைக்காதீர்கள். பாட்டியின் மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய ரிப்போர்ட்டில் 1.4 இருந்தது. எனவே இது நாள்பட்ட பாதிப்பு, குறைப்பது சரி. அதுவே பழைய எண் 0.8 ஆக இருந்து, காய்ச்சலிலும் வாந்தியிலும் தண்ணீர் வற்றி 1.5 ஆகியிருந்தால் கதை வேறு. சலைன் ஏற்றினால் ஓரிரு நாளில் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. கடும் தொற்றின் முதல் 48 மணி நேரத்தில் அவசரப்பட்டுக் குறைத்தால் தொற்று ஜெயித்துவிடும். அப்படிப்பட்டவருக்கு டாக்டரிடம் பேசி, மூளையைத் தொடும் செஃபெபைமுக்குப் பதிலாக, மூளையைத் தொடாத வேறு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இனி வலி மருந்து. எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான். "டைக்ளோஃபெனாக்கை எவ்வளவு குறைக்கலாம்?" என்று கேட்காதீர்கள். செஃபெபைம் தேங்குகிறது, அதனால் குறைக்கிறோம். டைக்ளோஃபெனாக்கின் பிரச்சினை தேங்குவது அல்ல, அது சிறுநீரகத்தையே அடிக்கிறது. வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின், அதை டைக்ளோஃபெனாக் நிறுத்திவிடும். வெளியே போகும் குழாயை இறுக்கி அழுத்தத்தைக் காப்பாற்றுவது ஆஞ்சியோடென்சின், அதை டெல்மிசார்டன் தடுத்துவிடும். ஃபியூரோசமைடு உடலின் நீரையே குறைத்துவிடும். காய்ச்சலும் சேர்ந்தால் வடிகட்டுவதற்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? கிளியரன்ஸ் 30-க்குக் கீழே இருந்தால் இந்த வகை வலி மருந்துக்குக் குறைந்த டோஸ் என்று ஒன்று கிடையாது, நிறுத்துவதுதான்.

நான்காம் நாள் கிரியாட்டினின் 2.1. சூத்திரத்தில் போட்டால் கிளியரன்ஸ் 15. உண்மை அதற்கும் கீழே, ஏனென்றால் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தச் சூத்திரம் நிலைமையைக் கூட்டித்தான் காட்டும். வலி ஊசி சிறுநீரகத்தைக் குறைத்தது, குறைந்த சிறுநீரகம் ஆன்டிபயாட்டிக்கை இன்னும் தேக்கியது. ஆகவே ஆன்டிபயாட்டிக் வரியைச் சரிபார்க்கும்போது வலி மருந்து வரியையும் சேர்த்தே படியுங்கள். இரண்டு தனித்தனி வேலை இல்லை.

டியூட்டி டாக்டருக்கு போன் செய்தபோது "டோஸ் தப்பு" என்று சொல்லவில்லை. "சார், எடை 42, கிளியரன்ஸ் 21 இருந்தது, இன்று 15-க்கும் கீழே. செஃபெபைம் ஒரு நாளைக்கு 4 கிராம் போகிறது, அட்டவணைப்படி 1 கிராம். கையில் துடிப்பு இருக்கிறது. கல்ச்சரில் செஃப்ட்ரையாக்சோன் கேட்கிறது" என்றேன். அவர் வந்து பார்த்து செஃபெபைமையும் டைக்ளோஃபெனாக்கையும் நிறுத்தினார், டெல்மிசார்டனையும் ஃபியூரோசமைடையும் தற்காலிகமாக நிறுத்தினார். செஃப்ட்ரையாக்சோன் பித்தநீர் வழியாகவும் வெளியேறுவதால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 கிராம் என்ற வழக்கமான டோஸே போதும்.

வலிக்கு டிரமடால் 100 மி.கி. மூன்று வேளை என்று எழுதப் போனார். 30-க்குக் கீழே அதற்கு 12 மணி இடைவெளி, நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் கூடாது. அதுவும் வலிப்பைத் தூண்டக்கூடியது, ஏற்கெனவே துடிக்கிற பாட்டிக்கு வேண்டாம் என்று பேசி முடிவானது. பாராசிட்டமால் 500 மி.கி. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தோம். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 630 வரை போகலாம், 650 மாத்திரையாக நாளுக்கு நான்கு கொடுப்பது 42 கிலோவுக்கு விளிம்பில் நிற்கும், அதனால் 500. வலி தாங்காமல் மார்ஃபின் வரை போகும் நோயாளி என்றால், அதன் கழிவுப்பொருளும் சிறுநீரகம் வழியாகத்தான் போகிறது, தேங்கினால் மூச்சு மட்டுப்படும். ஃபென்டனில் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

செஃபெபைமை நிறுத்திய மூன்றாம் நாளில் பாட்டி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். செஃபெபைமால் வந்த குழப்பம் நிறுத்திய சில நாளில் தெளிவதுதான் வழக்கம், தெளியாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் பார்ம்.டி. படிப்பைக் கொண்டுவந்தார்கள். இன்டர்ன்ஷிப்போடு ஆறு வருடம். முடித்து வருகிற பிள்ளைகளைப் பல இடங்களில் பில் கவுன்டரில் நிறுத்திவிட்டு, ஆக்ரெடிடேஷன் ஆடிட் வரும்போது மட்டும் வார்டுக்கு அனுப்புகிறார்கள். காலை எட்டு மணிக்குக் கேஸ் ஷீட்டைப் பார்க்க ஆள் இருந்தால் இரண்டாம் நாளே இது தெரிந்திருக்கும். டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐம்பது படுக்கைக்கு ஒரு டியூட்டி டாக்டர் என்றால் அவர் எதைத்தான் பார்ப்பார்?

நீங்கள் வார்டுக்குப் போக முடிகிற இடத்தில் இருந்தால், கிரியாட்டினின் புதிதாக வரும் ஒவ்வொரு காலையும் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஏறும்போது குறைப்பது போலவே இறங்கும்போது கூட்டவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில், கடையில் வலி ஊசியோ மாத்திரையோ கேட்டு வாங்கக் கூடாது என்று தமிழில் எழுதி, மகளிடம் பழைய டைக்ளோஃபெனாக் அட்டையைக் காட்டியே சொன்னேன். டெல்மிசார்டனைத் திரும்ப ஆரம்பிக்கும் முன் ஒரு வாரத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதினார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. அங்கே மருந்து நேரத்தை டயாலிசிஸ் நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும், அதை நெஃப்ராலஜி டீமிடம் கேட்டே செய்யுங்கள்.